முப்பது நொடியில் என்ன சொல்ல?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து அம்பத்தூரில் ஒரு சின்ன சிஎன்சி ஷாப்பில் 14 மாதம் குவாலிட்டி செக்கிங் பார்த்தேன். அப்பாவுக்கு ஆபரேஷன் என்பதால் வேலையை விட்டு ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை மூன்று வேலைவாய்ப்பு முகாமுக்கும் இரண்டு வாக்-இன்னுக்கும் போய்விட்டேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று மேசைக்குப் போனால், “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்கிறார்கள். நான் பேர், ஊர், அப்பா பேர் சொல்லி, பத்தாவது மார்க் சொல்லும்போதே “சரி தம்பி, ரெஸ்யூம் வெச்சிட்டுப் போங்க, கூப்பிடறோம்” என்று அடுத்த ஆளைப் பார்க்கிறார்கள். யாரும் கூப்பிட்டதில்லை. இங்கிலீஷும் சரளமாக வராது. அந்த முப்பது நொடியில் என்னதான் சொல்வது மேடம்? (ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

தம்பி, நீங்கள் வரிசையில் நின்ற பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். நான் பதினேழு வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கிறவள். அங்கிருந்து எப்படித் தெரியும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்து மணிக்கு முகாம் தொடங்குகிறது என்று வையுங்கள். ஒன்றரை மணிக்குச் சாப்பாடு. மூன்றரை மணி நேரம் என்பது 12,600 நொடி. என் மேசைக்கு 250 பேர் வந்தால் ஆளுக்கு ஐம்பது நொடிதான். அதில் ரெஸ்யூமை வாங்கி, கண்ணை ஓட்டி, மூலையில் ஏதோ எழுதி, சரியான கட்டில் வைக்க இருபது நொடி போய்விடும். மிச்சமிருக்கும் முப்பதுதான் உங்களுடையது.

அந்த முப்பது நொடியில் நான் வேலை கொடுப்பதில்லை. எந்தக் கட்டில் உங்கள் தாளை வைப்பது என்று மட்டும்தான் முடிவு செய்கிறேன். என் மேசையில் எப்போதும் மூன்று கட்டு இருக்கும். முதல் கட்டில் இருப்பவர்களை அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புரொடக்ஷன் சாரிடமோ குவாலிட்டி சாரிடமோ அனுப்புவேன். இரண்டாவது கட்டுக்குத் திங்கட்கிழமை போன் போகும். மூன்றாவது கட்டு ஆபீஸுக்கு வந்து அலமாரியில் தூங்கும். “வெச்சிட்டுப் போங்க” என்று நான் சொன்னால் அது பெரும்பாலும் மூன்றாவதுதான். “மெயில் பண்ணுங்க” என்றாலும் அதேதான். பேனாவை எடுத்து உங்கள் தாளின் மூலையில் நான் எதையாவது எழுதினாலோ, இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டாலோ அது முதல் இரண்டு கட்டில் ஒன்று. அடுத்த தடவை மேசையில் என் முகத்தைப் பார்க்காதீர்கள், என் பேனாவைப் பாருங்கள்.

அந்த மூலையில் நான் எழுதுவது எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். என்ன வேலை, எத்தனை மாத அனுபவம், கையில் என்ன தெரியும், ஷிஃப்டுக்கு வருவாரா, எப்போது சேர்வார். ஐந்து விஷயம், இரண்டு வரி. நீங்கள் பேர், ஊர், அப்பா பேர் என்று தொடங்கினால் பத்து நொடி ஓடிய பிறகும் எழுத எனக்கு எதுவும் கிடைத்திருக்காது. பேரும் ஊரும் தாளிலேயே இருக்கின்றன. பத்தாவது மார்க்கும் இருக்கிறது. தாளில் இருப்பதை வாயால் படித்துக் காட்டினால் நான் கேட்பதை நிறுத்திவிடுவேன். பின்னால் நிற்கிறவரின் செருப்புச் சத்தம்கூட அப்போது காதில் விழும்.

ஆகவே எனக்கு எழுத வேண்டிய ஐந்தையும், நான் எழுதும் வரிசையிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் தகவலை வைத்தே ஒன்று எழுதிப் பார்த்தேன். நீங்கள் என்ன பாகத்தைச் சோதித்தீர்கள், எத்தனை பீஸ் என்று எழுதவில்லை. அதனால் பம்புக்குப் போகும் புஷ் என்று நானாக வைத்திருக்கிறேன். உண்மையானதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

“வணக்கம் மேடம். குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு வந்திருக்கேன். டிப்ளமோ மெக்கானிக்கல், 14 மாசம் அனுபவம். அம்பத்தூர்ல ஒரு சிஎன்சி ஷாப்ல பம்ப் புஷ் செக் பண்ணேன். மைக்ரோமீட்டர், போர் கேஜ், வெர்னியர் மூணும் தினமும் கையில இருக்கும். முதல் பீஸ், அப்புறம் மணிக்கு அஞ்சு பீஸ் அளந்து ரிப்போர்ட் எழுதுவேன். அப்பா ஆபரேஷனுக்காக எட்டு மாசம் வீட்ல இருந்தேன், இப்ப அவர் நல்லாயிருக்கார். நைட் ஷிஃப்ட் ஓகே, பத்து நாள்ல ஜாயின் பண்ணலாம். உங்க எந்த பிளான்ட்டுக்கு எடுக்கறீங்க மேடம்?”

எண்ணிப் பாருங்கள், அறுபது சொல்லுக்குள்தான் வரும். வீட்டில் சொன்னால் இருபத்தைந்து நொடி. முகாம் நடக்கும் கல்லூரி அரங்கில் மைக் சத்தத்துக்கு நடுவே நிறுத்திச் சொன்னால் முப்பது. இதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்க்க ஆசைப்பட்டால் உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டுச் சேருங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் தன் காலில் தானே நிற்கிறது. எங்கே வெட்டினாலும் அதற்கு முன்னால் சொன்னது வீணாகாது. இரண்டாவது வாக்கியத்திலேயே நான் குறுக்கிட்டாலும் என்ன வேலைக்கு வந்தீர்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்ததில் வெட்டினால் படிப்பும் அனுபவமும் சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் உங்களை முழுதாகப் பேச விடுவார்கள் என்ற கணக்கே கூடாது. போன் அடிக்கும், பக்கத்து மேசைக்காரர் பஞ்சிங் மெஷின் கேட்பார், யாராவது இடையில் தலையை நீட்டி “மேடம், பிபிஏ எடுப்பீங்களா?” என்பார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். படிப்பு முடித்த புதிதில் ஒரு வாக்-இன்னுக்கு, கண்ணாடி முன்னால் நின்று ஒரு பக்கம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்றாவது வரியில் அந்த அதிகாரி “டைப்பிங் தெரியுமா?” என்றார். “தெரியும் சார்” என்றேன். அப்புறம் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாமல் மறுபடியும் “குட் மார்னிங் சார், மை நேம் இஸ்” என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், மொத்தத்தையும் ஒரே சரமாக மனப்பாடம் செய்யாதீர்கள். வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, எது கையில் வருகிறதோ அதிலிருந்து தொடங்கிப் பழகுங்கள். நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, நடுவில் அவர் இஷ்டத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். பதில் சொல்லிவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விட வேண்டும்.

முதல் வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். “எந்த வேலையா இருந்தாலும் செய்வேன் மேடம்” என்று சொல்லும் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்க்கிறேன். பணிவோடு சொல்கிறார்கள் என்று புரிகிறது. ஆனால் எனக்கு அது ஒரு வேலையைக் கூட்டுகிறது. இவரை எங்கே போடுவது என்று நான் யோசிக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. தாள் தானாக மூன்றாவது கட்டுக்குப் போய்விடுகிறது. அந்த மேசைக்கு என்ன வேலை காலியாக இருக்கிறதோ அதன் பெயரையே முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள்.

அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் முகாமாக இருந்தால், tnprivatejobs.tn.gov.in தளத்தில் முகாம் அறிவிப்பு இருக்கும். முகாமுக்குப் பதிவு செய்ய அதில் வசதி உண்டு. அரங்க வாசலிலும் பெரும்பாலும் எந்த நிறுவனம், என்ன பணி, எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருப்பார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் நேராக நீளமான வரிசையில் போய் நின்றுகொள்கிறார்கள். பத்து நிமிடம் அந்தப் பட்டியலுக்குச் செலவழியுங்கள். உங்களுக்குப் பொருந்தும் நான்கு மேசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மேசையில் இன்ஸ்பெக்ஷன் இல்லாமல் சிஎன்சி ஆபரேட்டர் மட்டும் எடுக்கிறார்கள் என்றால், மெஷினில் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்மையாகவே இருந்தால் முதல் வாக்கியத்தையும், அளவுக் கருவி சொல்லும் வாக்கியத்தையும் மட்டும் மாற்றினால் போதும். எந்தக் கன்ட்ரோல், எத்தனை மெஷின் பார்த்தீர்கள் என்று அந்த இடத்தில் வரும். மற்ற ஐந்தாறு வாக்கியம் அப்படியே இருக்கும்.

ரொம்பவும் ஆசைப்படும் மேசைக்கு முதலில் போகாதீர்கள். கூட்டம் குறைந்த, அவ்வளவாக வேண்டாத ஒரு மேசையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். நாக்கு அப்போதுதான் அவிழும்.

அடுத்து, கருவிகள். மைக்ரோமீட்டர் என்று நீங்கள் சொன்னவுடன் குவாலிட்டி சார் நிமிர்ந்து பார்ப்பார். “லீஸ்ட் கவுண்ட் என்ன?” என்பார். சாதாரண மைக்ரோமீட்டருக்கு 0.01 மில்லிமீட்டர், ஷாப்பில் பெரும்பாலும் புழங்கும் வெர்னியருக்கு 0.02 என்று யோசிக்காமல் வர வேண்டும். “புஷ்ஷோட உள் விட்டத்தை எதுல பார்ப்பீங்க?” என்றால் போர் கேஜ், அதை எதை வைத்து ஜீரோ செட் பண்ணுவீர்கள் என்றால் செட்டிங் ரிங் அல்லது மைக்ரோமீட்டர் என்று வர வேண்டும். இந்த ஒரே ஒரு படி ஆழம்தான் அங்கே கேட்பார்கள். ஆகவே ஒரு படி கீழே இறங்கிப் பதில் சொல்ல முடியாத எதையும் முப்பது நொடியில் சேர்க்காதீர்கள். போன வருடம் ஒரு பையன் சிஎம்எம் தெரியும் என்றான். என் பக்கத்தில் இருந்தவர் “புரோப் காலிப்ரேஷன் பண்ணிருக்கியா?” என்று கேட்டார். அவன் அந்த மெஷினைக் கண்ணாடி அறைக்கு வெளியிலிருந்து பார்த்தவன், அவ்வளவுதான். மைக்ரோமீட்டரில் அவன் கெட்டிக்காரன் என்பது அப்புறம் பேசியபோது தெரிந்தது. ஆனால் அதற்குள் சார் பேனாவை மூடிவிட்டார்.

எட்டு மாத இடைவெளியை நீங்களே முந்திக்கொண்டு சொல்லச் சொல்லியிருக்கிறேனே, அது ஆபத்தில்லையா என்று தோன்றலாம். நீங்கள் சொல்லாவிட்டாலும் தாளில் தேதி இருக்கிறது. நான் அதைக் கண்டுபிடித்துக் கேட்டால் உங்கள் குரல் இறங்கும், உங்களுக்குரிய நேரத்தில் பாதி அதிலேயே போகும். நீங்களே சொன்னால் ஒரு வாக்கியத்தோடு முடிந்தது. அந்த வாக்கியத்தில் “இப்ப அவர் நல்லாயிருக்கார்” என்பதுதான் எனக்கு முக்கியம். சேர்ந்த பிறகு மறுபடி விட்டுவிட்டுப் போவாரோ என்பதுதான் என் கவலை, அதற்குப் பதில் அங்கே இருக்கிறது. எந்த மருத்துவமனை, என்ன செலவு என்றெல்லாம் இறங்காதீர்கள். இரக்கம் வரும், ஆனால் நேரம் போய்விடும்.

இங்கிலீஷ் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் லைன் வேலைக்கும் இன்ஸ்பெக்ஷன் வேலைக்கும் ஆள் எடுக்கும்போது தமிழில் பேசினால் நான் ஒரு மார்க்கும் குறைப்பதில்லை. உங்கள் தொழில் சொற்கள் எல்லாம் ஏற்கெனவே இங்கிலீஷ்தான், அவற்றைச் சரியாக உச்சரித்தாலே போதும். முதல் வரியை மட்டும் இங்கிலீஷில் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு இரண்டாவது வரியில் திணறுவதுதான் கேட்கவே சங்கடமாக இருக்கும். எதிரே இருப்பவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் என்ன வேலை, எத்தனை மாதம், என்னென்ன கருவி என்ற மூன்றை மட்டும் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தமான இடத்தில் எல்லாரும் கத்துகிறார்கள். கத்தினால் சொல் உடைகிறது. குரலை உயர்த்தாமல், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள். எண்களை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். பதினாலு, அஞ்சு, பத்து நாள் என்று அந்த எண்கள்தான் என் பேனாவுக்குப் போகின்றன.

ரெஸ்யூமை நீட்டும்போது எழுத்து என் பக்கம் நேராகத் தெரிகிற மாதிரி திருப்பி நீட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், அதை உருவ எனக்கு நான்கு நொடி ஆகிறது. சில பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள் என்று வழுவழுப்பான தடித் தாளில் பிரிண்ட் எடுத்து வருகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அதில் பால்பாயின்ட் பேனா வழுக்குகிறது, நான் எழுதியது ஒட்டாமல் போகிறது. சாதா தாள், ஒரே பக்கம், மேல் வலது மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அந்த இடம் எனக்கு. பத்துப் பிரதி வைத்திருங்கள், சான்றிதழ் நகல்களைத் தனிக் கோப்பில் வைத்துக் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

கடைசிக் கேள்வியை ஏன் வைத்தேன் என்றால், பேசி முடித்துவிட்டு நீங்கள் சும்மா நின்றால் அந்த மௌனத்தில்தான் “வெச்சிட்டுப் போங்க” வந்து விழும். கேள்வி கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும். “ஒரகடம் பிளான்ட், தங்குவீங்களா, வந்துட்டுப் போவீங்களா?” என்று நானே பேச்சை நீட்டுவேன். முப்பது நொடி அங்கே அறுபது ஆகிறது, அந்த மிச்ச முப்பதும் என் கணக்கில்.

சம்பளத்தை நீங்களாக எடுக்க வேண்டாம். நான் கேட்டால், முன்பு கையில் வாங்கிய தொகை, இப்போது எதிர்பார்ப்பது என்று இரண்டு எண்ணைச் சொல்லுங்கள், “உங்க விருப்பம்” என்று சொல்லாதீர்கள். அடுத்த கட்டத்துக்கு அனுப்பினால் அங்கே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா? மூன்றும் ஒரே மேசையில் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் நடக்கும். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அனுபவம் உள்ள நீங்கள் தெரியாமல் அதில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. அரசு முகாமில் கலந்துகொள்ளக் கட்டணம் கிடையாது. எந்த மேசையிலாவது டெபாசிட், யூனிஃபார்ம் பணம் என்று கேட்டால் தாளை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒவ்வொரு மேசையை விட்டு வந்ததும் ஓரமாக நின்று, மேசை எண், நிறுவனம், யார் பேசினார், என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். நான்காவது மேசைக்கு அப்புறம் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். எண் கொடுத்தவர்களுக்கு மட்டும் மறுநாள் காலை ஒரு செய்தி அனுப்புங்கள்: “வணக்கம் மேடம். நேற்று முகாமில் 12ஆம் மேசையில் சந்தித்தேன். குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன், 14 மாதம், புஷ் செக்கிங். பத்து நாளில் சேர முடியும்.” ஃபார்வர்ட் வாழ்த்துப் படம் எதுவும் அதோடு வேண்டாம். நாங்கள் இரண்டாவது கட்டை எடுத்துப் போன் செய்வது பெரும்பாலும் திங்கள், செவ்வாயில், ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து. 044 என்று தொடங்கும் தெரியாத எண் வந்தால் லோன்காரன் என்று கட் பண்ணிவிடாதீர்கள்.